150:50:50 என்றால் எத்தனை மூட்டை? மண் ஆய்வு அறிக்கையில் வழுக்கும் இடங்கள்

குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரத்தில் என் மைத்துனர் செல்போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். மண் ஆய்வு அறிக்கையின் நடுப்பகுதி மட்டும் அதில் இருந்தது. தழைச்சத்து 212, மணிச்சத்து 26, சாம்பல்சத்து 240. அதன் கீழே நெல்லுக்கான பொதுப் பரிந்துரை 150:50:50. படத்தைத் தொடர்ந்து அவரே போனில் வந்தார். “மாப்பிள்ளை, மண்ணில் 212 இருக்கிறது, நெல்லுக்கு 150 போதும் என்கிறார்கள். அப்படியானால் இந்த முறை யூரியாவே வேண்டாம்தானே?”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 212-ஐ வங்கியில் கிடக்கும் இருப்பாக எண்ணக் கூடாது. ஆய்வகத்தில் மண்ணைக் காரமான பெர்மாங்கனேட் கரைசலோடு சேர்த்துச் சூடாக்கி, வெளிவரும் அமோனியாவை அளக்கிறார்கள். நம் பயிரின் வேர் அப்படியெல்லாம் செய்வதில்லை. அந்த எண் மண்ணின் தரத்தைச் சொல்லும் குறியீடு, அவ்வளவுதான். தழைச்சத்து 280-க்குக் கீழே இருந்தால் ‘குறைவு’. ஆகவே 212 உள்ள வயலுக்குத் தழைச்சத்தைக் கூட்டித்தான் இட வேண்டும். இலக்கு மகசூலை வைத்துக் கணக்கிடும் சமன்பாடுகளில் மண்ணின் எண்ணைக் கழிப்பது உண்டு. அங்கும் முழு எண்ணைக் கழிப்பதில்லை, பயிர் எடுத்துக்கொள்ளும் பங்குக்கான குணகத்தால் பெருக்கிய பிறகே கழிக்கிறார்கள்.

மற்ற இரண்டையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். மணிச்சத்து 22-க்கு மேல் போனால் ‘அதிகம்’, நம்முடையது 26. சாம்பல்சத்து 118 முதல் 280 வரை ‘மத்திமம்’, நம்முடையது 240. சமன்பாடு கையில் இல்லாதபோது பரவலாகக் கையாளப்படும் வழி எளிது: குறைவு என்றால் பரிந்துரையில் கால் பங்கு கூட்டு, அதிகம் என்றால் கால் பங்கு குறை, மத்திமம் என்றால் அப்படியே விடு. அதன்படி 150:50:50 என்பது 187.5 : 37.5 : 50 ஆகிறது.

இங்கேதான் ஸ்கிரீன்ஷாட் காலை வாரியது. படத்தைப் பெரிதாக்கி வெட்டியதில் பட்டியலின் தலைப்பு வரி போய்விட்டது. அந்த வரியில்தான் ‘கிலோ / எக்டேர்’ என்று இருந்திருக்கும். முழுப் பக்கத்தையும் அனுப்பச் சொன்னேன், இருந்தது. மைத்துனரோ ஏக்கருக்கு என்றே எடுத்துக்கொண்டிருந்தார். தஞ்சைப் பக்கம் நாங்கள் மா கணக்கில் பேசுகிறவர்கள், மூன்று மா ஓர் ஏக்கர். எக்டேர் என்பது காகிதத்தில் மட்டும் வரும் அளவு என்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. ஓர் எக்டேர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். வகுத்தால் ஏக்கருக்குத் தழைச்சத்து 75, மணிச்சத்து 15, சாம்பல்சத்து 20 கிலோ.

இவை சத்தின் எடை, உரத்தின் எடை அல்ல. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்குதான் தழைச்சத்து. டி.ஏ.பி.யில் தழைச்சத்து 18, மணிச்சத்து 46. பொட்டாஷில் சாம்பல்சத்து 60. கணக்கை மணிச்சத்திலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் டி.ஏ.பி. தன்னோடு தழைச்சத்தையும் கொண்டுவருகிறது. 15-ஐ 0.46-ஆல் வகுத்தால் டி.ஏ.பி. சுமார் 33 கிலோ. அதிலேயே தழைச்சத்து ஏறக்குறைய 6 கிலோ வந்துவிடும். மீதி 69 கிலோவை 0.46-ஆல் வகுத்தால் யூரியா 150 கிலோ. பொட்டாஷ் 20-ஐ 0.6-ஆல் வகுக்க, 33 கிலோ.

விடையைச் சொன்னதும் மைத்துனர் சிரித்தார். “இதற்கா இவ்வளவு சுற்று? தாளிலேயே 150 என்று போட்டிருக்கிறதே, நான் போன வருடமும் ஏக்கருக்கு 150 கிலோ யூரியாதான் போட்டேன்.”

அவர் சொன்னது உண்மைதான், வேடிக்கையும் அதில்தான் இருக்கிறது. எக்டேர் அளவை ஏக்கர் என்று படித்தால் இரண்டரை மடங்கு கூடிப்போகும். சத்தின் எடையை யூரியாவின் எடையாகப் படித்தால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஒரு தவறு இன்னொரு தவறை அடித்துவிடுகிறது. விடை பக்கத்தில் வந்து நிற்பதால் வயலிலும் எதுவும் தெரிவதில்லை. எங்கள் பக்கத்தில் இந்தப் பழக்கம் இத்தனை நாள் மாட்டிக்கொள்ளாமல் ஓடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

உரத்தை மாற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். கடையில் டி.ஏ.பி. இல்லை, சூப்பர் பாஸ்பேட்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் மணிச்சத்து நூற்றுக்கு 16 மட்டுமே. 15 கிலோ மணிச்சத்துக்கு 94 கிலோ சூப்பர் வேண்டும். தாளில் 50 என்று இருக்கிறதே என ஒரு மூட்டையோடு நிறுத்தியவருக்கு 8 கிலோதான் போய்ச் சேரும், வேண்டியதில் பாதி. நம் வயலில் மணிச்சத்து ஏற்கெனவே அதிகம் என்பதால் ஒரு போகம் தாங்கும். குறைவாக உள்ள வயலில் தூர் வெடிப்பு மந்தமாகி, பயிர் கரும்பச்சையாகக் குட்டையாக நிற்கும்.

சூப்பரில் தழைச்சத்து கிடையாது. ஆகவே யூரியா 163 கிலோவாக ஏறும். மாறாக 20:20 காம்ப்ளெக்ஸ் வாங்கினால் 75 கிலோ போட வேண்டும், அதில் மணிச்சத்தோடு தழைச்சத்தும் 15 கிலோ வந்துவிடும், யூரியா 130 கிலோ போதும். இதைக் கழிக்க மறந்து 163 போடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த 33 கிலோ மிகை யூரியா முதலில் பச்சைப் பசேலென்று கண்ணைக் குளிர்விக்கும். பிறகு இலைச்சுருட்டுப் புழுவையும் குலைநோயையும் அழைத்துவரும். கதிர் முற்றும்போது ஒரு மழைக்குப் பயிர் சாய்ந்துவிடும்.

மூட்டைக் கணக்கிலும் ஒரு சிறிய பள்ளம் உண்டு. யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோ. மூன்று மூட்டை என்றால் 150 அல்ல, 135. டி.ஏ.பி.யும் பொட்டாஷும் இன்னும் 50 கிலோ மூட்டைதான்.

மைத்துனரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: தாளில் இருந்தது பொதுப் பரிந்துரையா, உங்கள் மண்ணுக்கு ஏற்கெனவே திருத்திய பரிந்துரையா? மண்வள அட்டை போன்றவற்றில் பயிர்வாரியாக ஓர் உரப் பட்டியல் இருக்கும். அது மண்ணின் எண்களைப் பார்த்துத் திருத்தப்பட்டதாகவே இருக்கும், பல நேரம் சத்தாக அல்லாமல் உரமாகவே எழுதியிருப்பார்கள். அதன்மேல் நாம் மறுபடி கால் பங்கு ஏற்றினால் 187 என்பது 234 ஆகிவிடும். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. டெல்டா நெல்லுக்கான பொதுப் பரிந்துரை 150:50:50. தாளில் அதே எண் அச்சாக இருந்தால் திருத்தவில்லை என்று கொள்ளலாம். 187, 188 என்று ஒழுங்கற்ற எண் நின்றால் திருத்தியாயிற்று, இரண்டரையால் வகுத்தால் போதும். யூரியா, டி.ஏ.பி. என்று உரத்தின் பெயரே இருந்தால் 0.46-ஆல் வகுக்கும் வேலையும் இல்லை.

அவருடையது திருத்தாத எண். ஆறு மாவுக்கு, அதாவது இரண்டு ஏக்கருக்கு, நான் எழுதிக் கொடுத்த சீட்டு இது: டி.ஏ.பி. 66 கிலோ முழுவதும் அடியுரமாக. யூரியா 300 கிலோ, பொட்டாஷ் 67 கிலோ, இரண்டையும் நான்காகப் பிரித்து அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது. யூரியா ஆறு மூட்டையும் மேலே 30 கிலோவும் ஆகிறது. அந்த 30 கிலோவுக்காக ஏழாவது மூட்டையைப் பிரித்தவர், மிச்சம் 15 கிலோவையும் வயலிலேயே வீசிவிடலாமா என்று கேட்டார். கட்டி வையுங்கள், சம்பா நாற்றங்காலுக்கு ஆகும் என்றேன்.