மார்ச் 31 இரவு எழுத வேண்டிய மூன்று பதிவுகள்: ஓர் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக் கணக்கு

காரைக்குடியைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. புதிதாகக் கணக்கு எழுத வருகிறவர்கள் பற்று வரவைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஆண்டு முடிவில் பணமே கைமாறாமல் ஒரு பதிவு எழுதச் சொன்னால் திகைத்துப் போகிறார்கள். அவர்களுக்காக இதை ஒரு பட்டறையின் கணக்கோடு சேர்த்து எழுதுகிறேன். எண்களை மட்டும் சுலபமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆத்தங்குடியில் அண்ணன் தம்பி இருவரின் கூட்டுப் பட்டறை அது. லாபத்தில் ஆளுக்குப் பாதி. 2023 மார்ச் 31 அன்று அண்ணன் விலகிக்கொள்ள, ஏப்ரல் 1 முதல் தம்பி தனியாக நடத்துவது என்று பேசியாயிற்று. பேரேட்டின்படி 2022-23க்கான லாபம் 2,40,000 ரூபாய். அப்படியே பாதியாகப் பிரித்தால், ஒருவர் அனுபவிக்கப் போகும் செலவை இன்னொருவர் சுமப்பார். அதைத் தடுக்கத்தான் சரிக்கட்டுப் பதிவுகள்.

முதலில் இன்சூரன்ஸ்

செலவுக் கணக்கு ஒவ்வொன்றையும் திறந்து ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தப் பணத்தின் பலன் எந்தத் தேதி வரை? ரசீதைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பட்டறையின் தீ விபத்து பாலிசிக்கு 2022 அக்டோபர் 1 அன்று 24,000 ரூபாய் கட்டியிருந்தார்கள். பாலிசி 2023 செப்டம்பர் 30 வரை. அதாவது மார்ச் 31 அன்று இன்னும் ஆறு மாதப் பாதுகாப்பு பாக்கி இருக்கிறது. அந்த 12,000 ரூபாய் இந்த ஆண்டின் செலவு இல்லை, கையில் இருக்கும் சொத்து.

```
31-3-2023
முன்கூட்டிச் செலுத்திய இன்சூரன்ஸ்   பற்று  12,000
    இன்சூரன்ஸ்                     வரவு  12,000
```

இங்கே பலர் நின்றுவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். 2022 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பட்டறையைக் காத்தது எந்தப் பணம்? அதற்கு முந்தைய அக்டோபரில் கட்டிய 22,000 ரூபாயில் பாதி. இந்தப் பட்டறையில் போன ஆண்டும் ஒழுங்காகச் சரிக்கட்டியிருந்ததால், அந்த 11,000 ரூபாய் இந்த ஆண்டுக் கணக்கின் தொடக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தது. ஆகவே இன்சூரன்ஸ் கணக்கில் முதலில் 35,000, அதில் 12,000 கழித்தால் 23,000. சரியாகப் பன்னிரண்டு மாதச் செலவு.

நீங்கள் இந்த ஆண்டுதான் முதல்முறையாகச் சரிக்கட்டுகிறீர்கள் என்றால், அந்த 11,000 உங்கள் ஏட்டில் இருக்காது. போன ஆண்டே முழு 22,000 ரூபாயையும் செலவாக எழுதியிருப்பார்கள். அந்த நிலையில் 12,000 ரூபாயை வெளியே எடுத்தால், இந்த ஆண்டில் ஆறு மாத இன்சூரன்ஸ்தான் தெரியும், லாபம் வீங்கிவிடும். அப்போது 11,000 ரூபாயை போன ஆண்டுக்கான திருத்தமாகக் கூட்டாளிகளின் மூலதனக் கணக்கில் வரவு வைத்து, இந்த ஆண்டு இன்சூரன்ஸில் பற்று எழுத வேண்டும். பதிவு எழுதி முடித்ததும் மாதங்களை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு வராவிட்டால் எங்கோ தவறு.

நம் ஊர்ப் பேச்சில் இருக்கும் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டடத்துக்குக் கொடுத்த ‘அட்வான்ஸ்’ முன்கூட்டிச் செலுத்திய செலவு ஆகாது. காலி செய்யும்போது திரும்ப வரும் பணம் அது, வைப்புத்தொகை. மாதா மாதம் அதைக் கரைக்கக் கூடாது. முன்னதாகவே கட்டிய வாடகைதான் இந்தக் கணக்கில் வரும்.

அடுத்து கூலி

நான்கு பேர் வேலை செய்கிறார்கள், ஆளுக்கு நாள் கூலி 750. ஒரு நாளைக்கு 3,000, ஆறு நாள் வாரத்துக்கு 18,000. சம்பளம் சனிக்கிழமை. 2023 மார்ச் 31 வெள்ளிக்கிழமை. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் வேலை நடந்துவிட்டது, பணம் போவது மறுநாள் ஏப்ரல் 1.

“ஏப்ரல்ல கொடுக்கப் போற காசுதானே, அதை எதுக்குத் தம்பி மார்ச்சுல எழுதுறே?” என்று அண்ணன் கேட்டார்.

“அண்ணே, அந்த வாரம் போட்ட கல்லெல்லாம் எங்கே இருக்கு?” என்றேன்.

தண்ணீர்த் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தன. மார்ச் 31 சரக்கிருப்பு எடுத்தபோது அவற்றையும் எண்ணி மதிப்புப் போட்டிருந்தோம். கல்லை இருப்பில் சேர்த்துவிட்டு, அதைப் போட்ட கையின் கூலியை விட்டுவிட்டால், பட்டறைக்கு அந்த உழைப்பு இலவசமாகக் கிடைத்ததாக ஆகிவிடும். அவர் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினார்.

```
31-3-2023
கூலி                          பற்று  15,000
    கொடுபட வேண்டிய கூலி       வரவு  15,000
```

கூலி இலாப நட்டக் கணக்குக்குப் போகும். கொடுபட வேண்டிய கூலி ஐந்தொகையில் பொறுப்புப் பக்கம் நிற்கும். சனிக்கிழமை வேலை புதிய ஆண்டைச் சேர்ந்தது, அதைத் தொடாதீர்கள்.

மின்சாரத்துக்கும் இதே வழிதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கும் இணைப்பு என்றால், கடைசி ரீடிங்குக்குப் பிறகு ஓடிய யூனிட்டுக்கு இன்னும் பில் வந்திருக்காது. 31ஆம் தேதி மாலை மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், மதிப்பிடச் சுலபம். இங்கே 2,000 ரூபாய் வந்தது. பில் வரும்போது ஐம்பது நூறு வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை, அது அந்த ஆண்டிலேயே சரியாகிவிடும். சின்னச் சின்ன ரீசார்ஜ் தொகைகளை எல்லாம் நாள் கணக்கில் பிரித்து உட்கார வேண்டாம். ஆனால் எதைப் பிரிப்பது, எதை விடுவது என்ற வரம்பை ஆண்டுக்கு ஆண்டு மாற்றாதீர்கள்.

லாபம் எப்படி மாறியது

2,40,000 ரூபாயோடு இன்சூரன்ஸ் 12,000 கூட்டி, கூலி 15,000, மின்சாரம் 2,000 கழித்தால் 2,35,000. வித்தியாசம் 5,000தானே, இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். ஆனால் இன்சூரன்ஸை மட்டும் சரிக்கட்டியிருந்தால் லாபம் 2,52,000. விலகுகிற அண்ணனுக்கு 8,500 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும். கூலியையும் மின்சாரத்தையும் மட்டும் சரிக்கட்டியிருந்தால் 2,23,000. அண்ணனுக்கு 6,000 ரூபாய் நட்டம். பாதிப் பதிவு எழுதுவது ஒரு பக்கம் சாய்வது. அதனால்தான் எல்லாச் செலவுக் கணக்கையும் திறந்து பார்க்கச் சொல்கிறேன். அண்ணனின் பங்கு 1,17,500 என்று முடிந்தது.

ஏப்ரல் 1 காலை

மார்ச்சில் எழுதியதை அப்படியே விட்டால், ஏப்ரல் சனிக்கிழமை கொடுத்த 18,000 முழுதும் புதிய ஆண்டுக் கூலியில் ஏறிவிடும். ஐந்து நாள் கூலி இரண்டு ஆண்டிலும் செலவாகிவிடும். தம்பிக்கு முதல் மாதமே தவறான கணக்கு. ஆகவே ஏப்ரல் 1 தேதியிட்டு மூன்று பதிவுகளையும் திருப்பி எழுதுங்கள்.

```
1-4-2023
கொடுபட வேண்டிய கூலி          பற்று  15,000
    கூலி                       வரவு  15,000
```

இதை எழுதியதும் கூலிக் கணக்கு வரவு நிலுவையில் நிற்கும். புதிதாகப் பார்ப்பவர் பயந்துவிடுவார், பயப்பட வேண்டாம். அன்று மாலை 18,000 ரூபாய் கொடுத்து வழக்கம்போல் கூலியில் பற்று எழுதியதும் நிகரம் 3,000 ஆகிவிடும். அதுதான் சனிக்கிழமை ஒரு நாள் கூலி. இன்சூரன்ஸையும் இதேபோல் திருப்பினால், 12,000 ரூபாய் தம்பியின் ஆண்டுச் செலவாகத் தானே வந்து சேரும்.

ஏப்ரல் கடைசியில் பேரேட்டை ஒருமுறை புரட்டுங்கள். கொடுபட வேண்டிய கூலி இன்னும் 15,000 என்று நின்றால், திருப்பிப் போட மறந்துவிட்டீர்கள். அதை அன்றே சரிசெய்யுங்கள், இல்லையென்றால் அடுத்த மார்ச் 31 அன்று கொடுத்து முடித்த கூலியைக் கடன் என்று மறுபடியும் ஐந்தொகையில் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.