பிட்டி டைமரும் ஷஃபிள் பேக்கும்: கணக்கு பிசகும் இடங்கள்

வீடியோ கேம் ஒன்றில் பாஸ் எனப்படும் பெரிய எதிரியைக் கொன்றால் 2% வாய்ப்பில் அரிய வாள் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் தனித்தனியாக ரேண்டம் எண் போட்டால் சராசரியாக 50 முறைக்கு ஒரு வாள் விழும். ஆனால் 100 முறை கொன்றும் வாள் கிடைக்காதவர்கள் 100 பேரில் 13 பேர் இருப்பார்கள். 200 முறை கொன்றும் கிடைக்காதவர்கள்கூட 100 பேருக்கு இரண்டு பேர் கிட்ட வருவார்கள். கணக்குப்படி இதில் தப்பே இல்லை. ஆட்டத்தை அழித்துவிட்டுப் போய், "இது ஏமாற்று வேலை" என்று விமர்சனம் எழுதுபவர்கள் இவர்கள்தான்.

இதற்கு மருந்தாக இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று பிட்டி டைமர்: தொடர்ந்து எத்தனை முறை கிடைக்கவில்லை என்று எண்ணிக்கொண்டே வந்து, ஒரு வரம்பில் கட்டாயமாகக் கொடுத்துவிடுவது. இன்னொன்று ஷஃபிள் பேக். குலுக்கல் சீட்டு போட்டவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பணம் எடுத்தவர் பெயரை அடுத்த மாதக் குலுக்கலில் சேர்ப்பதில்லை. அதனால் சீட்டு முடிவதற்குள் எல்லோருக்கும் ஒருமுறை விழுந்தே தீரும். பையில் 20 பொருள், அதில் ஒன்று அரியது, எடுத்ததைத் திருப்பிப் போடுவதில்லை, காலியானதும் மறுபடி நிரப்பிக் கலக்குவது. அவ்வளவுதான் ஷஃபிள் பேக்.

இரண்டுமே எழுத ஐந்து நிமிட வேலை. தவறுகள் வருவது அதனால்தான். இருக்கிற ரேண்டமுக்கு மேல் ஒட்டுப்போடுவதாக நினைத்துச் செய்கிறார்கள். உண்மையில் மொத்தப் பரவலே மாறிவிடுகிறது.

முதல் தவறு, எல்லாவற்றிலும் பெரியது: வாய்ப்பை அப்படியே விட்டுவிட்டு மேலே பிட்டியைச் சேர்ப்பது. நம் 2% வாளுக்கு "50ஆவது முறை கட்டாயம்" என்று ஒரு வரி சேர்த்தால் சராசரி இன்னும் 50தானா? இல்லை. ஒரு முறைக்கான வாய்ப்பு p, கட்டாய வரம்பு N என்றால் சராசரி முயற்சி இந்தச் சூத்திரத்தில் வரும்:

```
(1 - (1 - p)^N) / p
```

p = 0.02, N = 50 என்று போட்டால் சுமார் 32 வருகிறது. அதாவது நீங்கள் 2% என்று நினைத்த வாள் உண்மையில் 3.1% வேகத்தில் ஊருக்குள் வந்துகொண்டிருக்கும். ஆட்டத்துக்குள் சந்தை இருந்தால் வாளின் விலை சரியும், அடுத்த கட்டத்து எதிரிகள் சப்பையாகத் தெரிவார்கள். என்ன காரணம் என்று தேடும்போது அந்த ஒரு வரி யாருக்கும் நினைவுக்கு வராது.

ஆகவே சராசரியை முதலில் தீர்மானிக்க வேண்டும். சராசரி 50 மாறக்கூடாது, 100ஆவது முறை கட்டாயம் கிடைக்க வேண்டும் என்றால், அடிப்படை வாய்ப்பை 1.6% ஆகக் குறைக்க வேண்டியிருக்கும். இதற்கு ஒரு விலை உண்டு. முன்பு பாதிப் பேருக்கு 35 முறைக்குள் வாள் கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது அது 43 ஆகிவிட்டது. துரதிர்ஷ்டசாலிக்குக் கொடுக்கும் உத்தரவாதத்தை அதிர்ஷ்டசாலியின் பங்கிலிருந்துதான் எடுக்கிறோம். என்னைக் கேட்டால் இது நல்ல பேரம்தான். ஆனால் பேரம் நடக்கிறது என்று தெரிந்து செய்ய வேண்டும்.

சராசரி சரியாகிவிட்டது என்று இங்கே நிறுத்திவிடுவது அடுத்த தவறு. இதே 1.6%, 100 அமைப்பில் எத்தனை பேர் 99 முறையும் வெறுங்கையோடு 100ஆவதுக்கு வந்து நிற்பார்கள்? 0.984இன் 99ஆவது அடுக்கு, ஏறக்குறைய 0.2. ஐந்தில் ஒருவர்! அவர்களைப் பொறுத்தவரை இது பரிசே அல்ல, தவணை கட்டி வாங்கிய பொருள். ஒரு லட்சம் பேர் ஆடுவதாகச் சிமுலேஷன் ஓட்டி வரைபடம் போட்டுப் பாருங்கள். வலது ஓரத்தில் 100க்கு நேராக ஒற்றைக் கம்பம் ஒன்று நட்டுக்கொண்டு நிற்கும். சராசரியை மட்டும் அச்சிட்டுப் பார்ப்பவர்களுக்கு அந்தக் கம்பம் தெரியவே தெரியாது.

அந்தக் கம்பத்தைக் கரைக்கத்தான் சாஃப்ட் பிட்டி. வரம்புக்குக் கொஞ்சம் முன்பிருந்தே வாய்ப்பை ஒவ்வொரு தோல்விக்கும் ஏற்றிக்கொண்டே போவது. முதல் 50 முறைக்கு 1%, அப்புறம் ஒவ்வொரு முறைக்கும் 0.4% கூட்டு என்று வைத்தால் சராசரி ஏறக்குறைய அதே 50தான். ஆனால் 100ஐத் தொடுபவர்கள் ஆயிரத்துக்கு ஓரிருவராகக் குறைந்துவிடுவார்கள். பெரும்பாலானோருக்கு "இன்னும் வரம்புக்கே போகவில்லை, அதற்குள் கிடைத்துவிட்டதே" என்று தோன்றும். சராசரி மாறாமல் மனநிலை மட்டும் மாறுகிறது.

இதன் பிரபலமான உதாரணம், பாத்திரங்களைக் குலுக்கலில் எடுக்கும் ஜென்ஷின் இம்பாக்ட் ஆட்டம். ஐந்து நட்சத்திரப் பாத்திரத்துக்கு அவர்கள் அறிவித்திருக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6%, 90ஆவது முறை கட்டாயம், உத்தரவாதத்தையும் சேர்த்தால் 1.6%. நடுவில் வாய்ப்பு ஏறுகிறது என்பதை இந்த மூன்று எண்களை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மேலே சொன்ன சூத்திரத்தில் 0.006ஐயும் 90ஐயும் போட்டால் சராசரி சுமார் 70 முறை வருகிறது, அதாவது 1.43%. ஆனால் 1.6% என்றால் சராசரி 62.5 இருக்க வேண்டும். அந்த ஏழு எட்டு முறை எங்கே போனது? ஆட்டக்காரர்கள் தங்கள் முடிவுகளைத் திரட்டிப் பார்த்ததில் 74ஆவது முறையிலிருந்து ஒவ்வொரு முறையும் சுமார் 6% ஏறுகிறது என்று தெரிந்தது. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் 1.6% சரியாக உட்காருகிறது. நிரலில் எழுதினால் இவ்வளவுதான்:

```python
import random

BASE, SOFT, STEP, HARD = 0.006, 73, 0.06, 90

def pull(s):
    s.miss += 1
    p = BASE + STEP * max(0, s.miss - SOFT)
    if s.miss >= HARD or random.random() < p:
        s.miss = 0
        return True
    return False
```

இதில் `s.miss += 1` முதல் வரியில் இருப்பதைக் கவனியுங்கள். அதைக் கீழே தள்ளினால் உத்தரவாதம் 91ஆவது முறைக்குப் போய்விடும். ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. 90 என்று எழுதிக் கொடுத்துவிட்டு 91இல் கொடுத்தால் எண்ணிக்கொண்டே ஆடுபவர் ஸ்கிரீன்ஷாட்டோடு வருவார்.

சரி, பைக்கு வருவோம். நவீன டெட்ரிஸ் ஆட்டங்களில் ஏழு வடிவங்களையும் ஒரு பையில் போட்டுக் கலக்கித்தான் தருகிறார்கள். ஒரே வடிவம் இரண்டு முறை வருவதற்கு நடுவில் அதிகபட்சம் 12 வேறு வடிவங்கள்தான் வர முடியும். ஏழுதானே இருக்கிறது, 12 எப்படி என்றால், முதல் பையில் அது முதலில் வந்து, அடுத்த பையில் கடைசியில் வரும் நிலைமை அது. பையின் எல்லையில் நடக்கும் இந்தக் கூத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 20இல் ஒன்று அரியது என்ற பையில் "20 முறைக்குள் கட்டாயம்" என்று விளம்பரம் எழுதினால் அது பொய். இரண்டு அரிய பொருள்களுக்கு நடுவில் 38 வெறும் பொருள்கள் வர இடம் உண்டு. எல்லையின் மறுபக்கம் இதற்கு நேர்மாறு: பழைய பையின் கடைசிப் பொருளும் புதிய பையின் முதல் பொருளும் அதுவாகவே அமைந்து, அடுத்தடுத்து இரண்டு விழலாம்.

அதைவிடத் தொல்லையானது, பையை எண்ணிவிட முடியும் என்பது. டெட்ரிஸில் அதுவே சுவாரசியம். அடுத்து என்ன மிச்சம் என்று கணித்துத்தான் வல்லவர்கள் அடுக்குகிறார்கள். பரிசுப் பெட்டியில் அப்படி இல்லை. நாலாவது பெட்டியிலேயே அரிய பொருள் வந்துவிட்டால், மிச்சம் 16 பெட்டியில் ஒன்றும் இல்லை என்று ஆட்டக்காரருக்குத் தெரிந்துவிடும். அத்தனையையும் சலிப்போடு தள்ள வேண்டியதுதான்.

உடனே பையைப் பெரிதாக்கலாம் என்று தோன்றும். 60 பொருள், அதில் மூன்று அரியவை. விகிதம் அதேதான், எண்ணுவதும் கடினம். ஆனால் மோசமான இடைவெளி 38லிருந்து 114க்குத் தாவிவிடும், ஏனென்றால் மூன்றும் முதல் பையின் தொடக்கத்திலும் அடுத்த பையின் கடைசியிலும் குவிய முடியும். எதற்காகப் பை வைத்தோமோ அதுவே போய்விட்டது. எனக்குப் பிடித்த வழி, பை காலியாகும்வரை காத்திருக்காமல், ஐந்தாறு பொருள் மிச்சம் இருக்கும்போதே புது 20ஐயும் அதோடு கொட்டிக் கலக்குவது. எதையும் தூக்கி எறியாததால் விகிதம் கெடாது, ஆட்டக்காரரால் எண்ணவும் முடியாது. மிச்சத்தை எறிந்துவிட்டு நிரப்பினால் மட்டும் அந்த மிச்சத்தில் இருந்த அரிய பொருளும் சேர்ந்து போய்விடும். அப்புறம் விகிதத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

எண்ணிவிடும் சிக்கல் பிட்டிக்கும் உண்டு. டோட்டா 2 சண்டை ஆட்டத்தில் பல திறன்களுக்கு வாய்ப்பு ஒவ்வொரு தோல்விக்கும் ஏறும். 25% என்று திரையில் போட்டிருக்கும் திறனுக்கு முதல் அடியில் உண்மையில் சுமார் 8.5%தான், அப்புறம் அதே அளவு கூடிக்கொண்டே போகும். இது தெரிந்தவர்கள் சும்மா நிற்கும் கிரீப் என்ற சில்லறை எதிரிகளை அடித்துக் கணக்கை ஏற்றிவைத்துக்கொண்டு, சண்டைக்குப் போய் எதிராளி மேல் அதை இறக்கலாம். பரிசுக்குப் பிட்டி வைக்கும்போதும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: மலிவான இடத்தில் எண்ணிக்கையை ஏற்றி, விலை உயர்ந்த இடத்தில் அறுவடை செய்ய முடியுமா?

எண்ணிக்கையை யாருக்கு, எதற்கு வைக்கிறோம் என்பதும் அங்கேதான் முடிவாகிறது. பெட்டிக்கு ஒரு தனி எண்ணிக்கை என்று 12 வகைப் பெட்டிக்கும் வைத்தால், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆடுபவர் எந்த வரம்பையும் தொடவே மாட்டார். எல்லோருக்கும் சேர்த்து சர்வரில் ஒரே பை வைத்தால் நிலைமை இன்னும் மோசம். உங்கள் பையின் அரிய பொருளை யாரோ எடுத்துவிடுவார், உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது பழைய ரேண்டம்தான்.

சேமிப்பில் வரும் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை நினைவகத்தில் மட்டும் இருந்தால் ஆட்டத்தை மூடித் திறந்ததும் பூஜ்யமாகிவிடும். ஃபோனிலேயே சேமித்தால் பழைய சேவ் கோப்பைத் திரும்பப் போட்டு ஏமாற்றலாம். சர்வரில் காசைக் கழிப்பது, முடிவு எடுப்பது, எண்ணிக்கையை மாற்றுவது மூன்றும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் பொத்தானை வேகமாக இரண்டு முறை தட்டியவருக்கு இரண்டு கோரிக்கையுமே 89 என்று படித்து, இரண்டும் கட்டாயப் பரிசைக் கொடுக்கும். அப்டேட்டில் பையின் உள்ளடக்கம் மாறும்போது பாதி காலியான பழைய பைகளை என்ன செய்வது என்று முன்பே எழுதிவைக்க வேண்டும். நிகழ்வு முடிந்தால் 70இல் நிற்பவரின் எண்ணிக்கை அடுத்த நிகழ்வுக்குப் போகுமா, அழியுமா என்பதை அவர் காசு போடும் முன்பே அதே திரையில் காட்ட வேண்டும். ஜென்ஷின் இம்பாக்ட்டில் பேனர் என்று அழைக்கப்படும் குலுக்கல் நிகழ்வுகளில், ஒரே வகைக்குள் அது தொடர்கிறது. அழிப்பதாக இருந்தால் கடைசி நாளில் 70இல் நிற்பவர்களிடமிருந்து வரும் புகார்களுக்கு ஆள் ஒதுக்கி வையுங்கள்.