போனில் அமுங்கி இயர்போனில் முழங்கும் மந்திர ஓதல்: ஒலி அளவைச் சரிசெய்யும் முறை

பேச்சு, மந்திர ஓதல், இசை மூன்றும் கலந்த பதிவை இயர்போனில் கேட்டுச் சரிசெய்த பிறகு போன் ஸ்பீக்கரில் போட்டால், ஓதல் மட்டும் எங்கோ தொலைவில் கேட்கும். அளவைக் கூட்டினால் இயர்போனில் காது அதிரும். இந்த இழுபறியைத் தீர்க்க ஆடாசிட்டியே போதும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் தேவையில்லை.

மூன்றையும் தனித்தனி டிராக்கில் வையுங்கள். இரைச்சல் நீக்கம் முன்பே முடிந்திருக்கட்டும். அலைவடிவத்தின் உயரத்தை நம்பாதீர்கள். அது கணநேர உச்சத்தைக் காட்டுமே தவிர, காதுக்குத் தோன்றும் உரப்பைக் காட்டாது. உரப்புக்கான அலகு LUFS.

பேச்சு டிராக்கைத் தேர்ந்தெடுத்து, Effect பட்டியலில் Loudness Normalization திறந்து −16 LUFS கொடுங்கள். உச்சங்கள் எல்லை மீறினால் Limiter கொண்டு −1.5 டெசிபலில் நிறுத்துங்கள். இனி பேச்சைத் தொட வேண்டாம். மற்ற இரண்டும் அதற்கு இணங்கட்டும்.

ஓதலுக்கும் −16 கொடுத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. கனத்த ஆண்குரல் 110 ஹெர்ட்ஸில் ஓதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆற்றலில் பெரும்பகுதி 110, 220 ஹெர்ட்ஸில் இருக்கலாம். அளவி அதையெல்லாம் கணக்கில் சேர்க்கிறது. போனின் சிறிய ஸ்பீக்கரோ அந்தத் தாழ்ந்த பகுதியைச் சரியாக ஒலிக்காது. திரையில் −16 என்று இருந்தாலும் போனில் பாதிதான் வெளியே வருகிறது.

ஆகவே Filter Curve EQ திறந்து, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபல் அளவுக்குச் சரிவாகக் குறையுங்கள். உரப்பு இப்போது −18 ஆக இறங்கியிருக்கிறது என்றால், மீண்டும் −16 கொடுக்கும்போது முழு டிராக்கும் 2 டெசிபல் உயரும். போனில் கேட்கும் மேல் அதிர்வெண்கள் உயர்ந்துவிட்டன. இயர்போனில் முழக்கம் 2 டெசிபல் தணிந்துவிட்டது. பேராசைப்பட்டு 10 டெசிபல் வெட்டினால் தகர டப்பாவுக்குள் ஓதுவதுபோல ஆகிவிடும்.

இசை தனியாக வரும் இடத்தில் −18 போதும். பேச்சுக்கு அடியில் ஓடும்போது பேச்சைவிட 15 டெசிபல் குறைவாக வையுங்கள். இதைத் தானாகச் செய்யும் Auto Duck எனக்குப் பிடிப்பதில்லை. பேச்சு சற்று நீளமாக நிற்கும் இடங்களிலெல்லாம் இசை பொங்கி எழும். Envelope கருவியால் கையாலேயே இறக்குவது மேல்.

பிறகு போனைக் கைத்தொலைவில் வைத்துப் பாதி ஒலியில் கேளுங்கள், அடுத்து இயர்போனில். பேச்சு முடிந்து ஓதல் தொடங்கும் இடத்தில் கை ஒலி பொத்தானைத் தேடினால், 300 ஹெர்ட்ஸ் படிக்குத் திரும்புங்கள்.

பின்சேர்க்கை: எல்லாம் செய்தும் பேச்சு மட்டும் ஓங்கி ஒலிப்பதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். பேச்சு மோனோவிலும் இசை ஸ்டீரியோவிலும் இருந்தால் இப்படி ஆகும். ஒரே சேனலாக அளந்த பேச்சு இரு காதிலும் ஒலிக்கும்போது 3 டெசிபல் கூடிவிடுகிறது. Loudness Normalization பெட்டியில் Treat mono as dual-mono என்பதில் டிக் இருக்கிறதா பாருங்கள்.