கழல மறுக்கும் பிரேக் டிரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் பட்டறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், பின்சக்கர டிரம் கழலவில்லை என்றதும் சுத்தியலைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்த வேண்டும் என்பதை எல்லாரும் அறிவர். அதை இங்கே விளக்கப்போவதில்லை.

விளிம்பைத் துரு என்று நினைப்பது

டிரம் இரண்டு காரணங்களால் சிக்குகிறது. நடுத்துளை துருப்பிடித்து ஹப்போடு ஒட்டியிருந்தால் அது இம்மியும் அசையாது. சில மில்லிமீட்டர் வெளியே வந்து, பிறகு எதிலோ மோதியதுபோல் நின்றுவிட்டால், தடுப்பது துரு அன்று. பிரேக் சூ உராயும் பகுதி மட்டும் தேய்ந்து பள்ளமாகிவிட, சூ தொடாத உள்பக்க ஓரம் பழைய அளவிலேயே விளிம்பாக நிற்கிறது. சூ தேயத் தேயத் தானியங்கிச் சரிசெய்கருவி அதை அந்தப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே போவதால், டிரம்மை இழுக்கும்போது விளிம்பு சூவில் மாட்டிக்கொள்கிறது.

துருவுக்கு டிரம்மின் முகத்தில் உள்ள இரண்டு மரைத் துளைகளில் போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குவது சரியான வழி. விளிம்பில் சிக்கிய டிரம்முக்கு அதையே செய்வதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் தரும் தவறு. அண்மையில் ஒரு சிறிய காரில் ஒரு தம்பி அப்படி இறுக்கியபோது, டிரம்மோடு சூவும் சேர்ந்து வந்து, அதைப் பிடித்திருந்த ஊசிகள் பின்தகட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியேறின, ஸ்பிரிங்குகளும் வளைந்துபோயின. சூ மட்டும் மாற்ற வந்த வண்டிக்குப் பின்தகடும் வாங்க வேண்டியதாயிற்று.

செய்ய வேண்டியது இதுதான். பின்தகட்டிலுள்ள ரப்பர் அடைப்பைக் கழற்றி, மெல்லிய ஸ்குரூடிரைவரால் சரிசெய்கருவியின் நெம்பைப் பல்சக்கரத்திலிருந்து விலக்கிப் பிடித்தபடி, இன்னொரு ஸ்குரூடிரைவரால் பல்சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். நெம்பை விலக்காவிட்டால் பற்கள் மழுங்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் மரை எதிரெதிராக இருக்கக்கூடும் என்பதால், சில பற்கள் நகர்ந்ததும் டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். முன்பைவிட இறுகினால் திசை தவறு. சூ போதிய அளவு உள்வாங்கியதும், டிரம்மை இப்படியும் அப்படியும் ஆட்டி இழுத்தாலே வந்துவிடும்.

தீயால் சூடாக்குவது

வேண்டாம். சக்கர சிலிண்டரின் ரப்பர் கருகிவிடும்.

தூசியைக் காற்றால் ஊதுவது

பழைய சூவில் கல்நார் இருக்கலாம்; பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

விளிம்பின்மேல் வைத்து அளப்பது

டிரம்மில் அதிகபட்ச விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். வெர்னியரின் தாடைகளை வாய் ஓரத்தில் வைத்தால் அவை தேயாத விளிம்பில் அமர்ந்து, டிரம் நன்றாக இருப்பதாகக் காட்டும். உள்ளே, பள்ளத்தில் அளக்க வேண்டும். 201 மி.மீ. எனப் பொறித்த டிரம்மில் விளிம்பு 200 காட்டி, பள்ளம் 201.6 காட்டினால், விளிம்பைக் கடைந்தெடுத்தாலும் பயனில்லை; டிரம்மையே மாற்ற வேண்டும்.