வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் ஒரே அழைப்பு வந்தால்

கோத்தகிரியில் இருக்கும் ஒருவரைக் கோயம்புத்தூர் நிறுவனமொன்றின் ஆள்சேர்ப்பு அலுவலர் மின்னஞ்சலில் நேர்காணலுக்கு அழைத்துவிட்டு, "வியாழன் காலை 11 மணிக்கு வர முடியுமா?" என்று வாட்ஸ்அப்பிலும் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் உடனடியாக இவ்வளவு எழுதினால் போதும்: "வணக்கம். அழைப்பு கிடைத்தது, வியாழன் 11 மணிக்கு வருகிறேன். முழு விவரத்தை இன்று மாலைக்குள் மின்னஞ்சலில் அனுப்புகிறேன்."

பிறகு, புதிய மின்னஞ்சல் தொடங்காமல், வந்த மின்னஞ்சலுக்கே 'அனைவருக்கும் பதில்' கொடுத்து, தலைப்பு வரியை மாற்றாமல், பதவி, நாள், நேரம், இடம் ஆகியவற்றை முழு வாக்கியங்களில் உறுதிசெய்து, பயோடேட்டாவை பிடிஎஃப் கோப்பாக இணைக்க வேண்டும். நேர்காணல் நடத்தும் மேலாளர் பெரும்பாலும் அந்த மின்னஞ்சல் தொடரைத்தான் பார்ப்பார், வாட்ஸ்அப் உரையாடல் அவர் கண்ணில் படாது. சம்பள எதிர்பார்ப்பும் நோட்டீஸ் காலமும் அதே காரணத்தால் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும்.

மின்னஞ்சலில் 10 மணி, வாட்ஸ்அப்பில் 11 மணி என்று முரண்பட்டால், ஊகிக்காமல், இரண்டு நேரங்களையும் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேளுங்கள். "நேரம் குறித்து மின்னஞ்சலில் கேட்டிருக்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள்.

முக்கியமானதை மின்னஞ்சலிலேயே எழுதும் இந்த முறை மாறுவது நேர்காணல் நாளன்று மட்டுமே. மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவால் பேருந்து நின்றுவிட்டால், சிக்னல் இருக்கும்போதே வாட்ஸ்அப்பில் தெரிவித்துவிட்டு, மின்னஞ்சலைப் பிறகு அனுப்பலாம்.