நான்கு நிமிட அசெம்பிளியில் நேர்மை: ஸ்லைடு தொகுப்பை வைத்துப் பேசும்போது செய்யும் தவறுகள்

நீதிபோதனை ஸ்லைடு தொகுப்பு பெரும்பாலும் ஒரு முழு வகுப்பை மனதில் வைத்துச் செய்தது. நேர்மை என்றால் என்ன, நேர்மையின் வகைகள், பொன்மொழிகள், ஒரு கதை, நடுவில் குழு விவாதம், கடைசியில் உறுதிமொழி என்று 24 ஸ்லைடு இருக்கும். அதை எடுத்துக்கொண்டு பள்ளி அசெம்பிளியில் பேசப் போகிறவருக்குக் கிடைப்பது 5 நிமிடம். மைக் கைமாறி, பின்வரிசை அடங்கி, நீங்கள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அதில் ஒரு நிமிடம் போய்விடும். மிச்சம் நான்கு.

முதல் தவறு இங்கேயே நடக்கிறது. ஸ்லைடைக் குறைக்காமல் பேச்சின் வேகத்தைக் கூட்டுகிறோம். சிறு பிள்ளைகளுக்கு, எதிரொலிக்கிற மைக்கில், நிறுத்தி நிறுத்திப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 சொல்தான் போகும். நான் கடிகாரம் வைத்துப் பார்த்த கணக்கு இது. அப்படியென்றால் மொத்தப் பேச்சும் 320 சொல், கையெழுத்தில் இரண்டு பக்கம்கூட வராது. எனவே 24 ஸ்லைடில் ஒரே ஒரு கதையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மூடிவையுங்கள். வெளிச்சத்தில் நிற்கிற கூட்டத்துக்குத் திரை எப்படியும் தெரியாது, எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தும் பயனில்லை. விளக்கம் சொல்லும் முதல் ஸ்லைடையும் விட்டுவிடலாம். "நேர்மை என்பது எண்ணம், சொல், செயல் மூன்றிலும் உண்மையாக இருத்தல்" என்று ஆரம்பித்தால் ஆறு வயதுப் பிள்ளை அந்த வாக்கியம் முடிவதற்குள் முன்னால் நிற்பவனின் சட்டைக் காலரைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

அடுத்தது கதைத் தேர்வு. இதில்தான் நல்ல ஆசிரியர்களும் தவறிப்போகிறார்கள், ஏனென்றால் தொகுப்புகளில் அதிகம் வருவது பொய் சொன்னவன் கெட்டுப்போகிற கதை. புலி வருது, புலி வருது என்று ஏமாற்றியவனைக் கடைசியில் புலியே தின்றுவிடும், பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். கேட்கிறார்கள், சரி, ஆனால் அதனால் உண்மை சொல்கிறார்களா? கனடாவின் டொரொண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காங் லீயும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளோடு, சத்தத்தை வைத்துப் பொம்மையைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பெரியவர் சற்று நேரம் வெளியே போவார், திரும்பி வந்து ஒரு கதை படித்துவிட்டு, "திரும்பிப் பார்த்தாயா?" என்று கேட்பார். ஓநாய் வருகிறது என்று ஏமாற்றிய சிறுவனின் கதையும், பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ கதையும், உண்மைக்கும் பொய்க்கும் சம்பந்தமே இல்லாத ஆமை-முயல் கதையைவிட அதிகமாகப் பிள்ளைகளை உண்மை சொல்ல வைக்கவில்லை. செர்ரி மரத்தை வெட்டியது நான்தான் என்று சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் ஒப்புக்கொள்ள, அப்பா அதைக் கேட்டு மகிழ்கிற கதை வேலை செய்தது. அதே கதையின் முடிவை மாற்றி, உண்மை சொல்லாததால் கெடுதல் வந்ததாகப் படித்தபோது அந்தப் பலன் காணாமல் போயிற்று.

ஆகவே உண்மை சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பதைக் காட்டுகிற கதைதான் வேண்டும். பிள்ளைக்குப் பொய் தப்பு என்று ஏற்கெனவே தெரியும். உண்மையைச் சொல்லிவிட்டு எப்படி நின்றுகொண்டிருப்பது என்பதுதான் தெரியாது.

ஒரு கதையைச் சொல்லிக் காட்டுகிறேன். மீனா படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். முழங்கை இடித்துத் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தது. பக்கத்தில் தோழி காய வைத்திருந்த படம் நனைந்து, நீலம் முழுக்கப் பரவிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. மீனா கிண்ணத்தை எடுத்து, துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தாள். இங்கே நிறுத்துங்கள். "மீனா இப்போது என்ன நினைப்பாள்? வாய் திறக்காமல் யோசியுங்கள்" என்று சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அப்புறம் தோழி வருகிறாள், படத்தைப் பார்த்து அழுகிறாள். மீனாவுக்குக் கை நடுங்குகிறது. "நான்தான். கை பட்டுக் கொட்டிடுச்சு" என்கிறாள். தோழிக்குக் கோபம்தான், அன்று மதியம் வரை பேசவில்லை. டீச்சர் மட்டும், "நீயே வந்து சொன்னது எனக்குச் சந்தோஷம், வா, காய வைக்கலாம்" என்று சொல்லித் துணியை எடுத்துக் கொடுத்தார்.

தோழி உடனே கட்டிப்பிடித்து மன்னித்ததாக முடிக்காதீர்கள். பிள்ளைகளுக்குத் தெரியும் அது நடக்காதென்று. மீனா என்ற பெயர் உங்கள் பள்ளியில் யாருக்காவது இருந்தால் வேறு பெயர் வையுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை ஒரு வாரம் கிண்டலுக்கு ஆளாகும். மீனாவுக்குப் பதிலாக முயல்குட்டியையும் வைக்க வேண்டாம். அதே பல்கலைக்கழகத்தில் பகிர்ந்துகொள்வது பற்றி நடந்த இன்னோர் ஆய்வில், விலங்குகள் வருகிற கதையைக் கேட்டவர்களைவிட மனிதர்கள் வருகிற கதையைக் கேட்ட பிள்ளைகள்தான் பிறகு அதிகம் பகிர்ந்தார்கள்.

கூட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பதிலும் கவனம் தேவை. "உங்களில் யார் யார் பொய் சொல்லியிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள்" என்று ஒருவர் கேட்டதை நான் நேரில் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு சின்னப் பையன் கையைத் தூக்கினான். அவன் ஒருவன்தான். சுற்றி எல்லோரும் சிரித்தார்கள், அவன் கையை மெல்ல இறக்கித் தலைமுடியைக் கோதுவது போல வைத்துக்கொண்டான். அத்தனை பேரில் உண்மை சொன்னது அவன், வெட்கப்பட்டு நின்றதும் அவன்தான். மற்றவர்கள் அன்றைக்குக் கற்றுக்கொண்டது கையைக் கீழேயே வைத்திருக்க வேண்டும் என்பதை. "இனிமேல் பொய் சொல்ல மாட்டீர்கள்தானே?" "மாட்டோம்!" என்ற கோரஸும் எனக்குப் பிடிப்பதில்லை, சத்தம் மட்டும்தான் மிஞ்சும். முந்தைய நாள் பள்ளியில் யாரோ பென்சில் எடுத்த சம்பவத்தைப் பெயர் சொல்லாமல் இழுப்பது இன்னும் மோசம். பெயர் எல்லோருக்கும் தெரியும், வரிசை முழுக்க ஒரு பக்கம் திரும்பும்.

கதை முடிந்ததும் இறங்கிவிடுங்கள். நேரம் இருக்கிறதே என்று ஒழுக்கம், நேரந்தவறாமை, மூத்தோரை மதித்தல் என்று மிச்ச ஸ்லைடுகளின் தலைப்பை வாசித்தால் மீனா போய்விடுவாள்.

கடைசியாக ஒன்று, இதைப் பேச்சுக்கு முந்தைய நாளே செய்யவேண்டும். மற்ற ஆசிரியர்களிடம் கதை என்ன, அதில் டீச்சர் சொல்கிற வாக்கியம் என்ன என்று சொல்லி வையுங்கள். ஏனென்றால் அன்றைக்கோ மறுநாளோ ஒரு பிள்ளை வகுப்பில் மேசைப் பக்கம் வந்து, "மிஸ், அது நான்தான் உடைச்சேன்" என்று நிற்கலாம். "ஏன் நேற்றே சொல்லல?" என்பதுதான் நம் வாயில் முதலில் வரும். அதை அடக்கிக்கொண்டு, "நீயே வந்து சொன்னது எனக்குச் சந்தோஷம்" என்று முதலில் சொல்லுங்கள். உடைந்ததைப் பற்றி அப்புறம் பேசலாம்.