பழைய வைஃபை பெயர்களைக் கைபேசி மறப்பதில்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வாரங்களுக்கு முன் வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். ரூட்டரை அணைத்தேன். இழுப்பறையில் கிடந்த பழைய ஆண்ட்ராய்டு கைபேசியை எடுத்து ஹாட்ஸ்பாட்டை இயக்கினேன். அதற்கு, மூன்று ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு தங்கிய ஒரு விடுதியின் வைஃபை பெயரை எழுத்துப் பிசகாமல் வைத்தேன். ‘Security’ என்ற இடத்தில் ‘None’ என்று தேர்ந்தெடுத்தேன். அதாவது கடவுச்சொல் கிடையாது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, மேசைமேல் இருந்த அக்காவின் கைபேசி அதோடு இணைந்துவிட்டது. அனுமதி எதுவும் கேட்கவில்லை. அக்கா அதைத் தொடவும் இல்லை. அந்த விடுதி எங்கள் வீட்டிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

கைபேசி தவறு ஏதும் செய்துவிடவில்லை. ஒரு வைஃபையில் நீங்கள் ஒருமுறை சேர்ந்தால், அதன் பெயரையும் பாதுகாப்பு வகையையும் கைபேசி குறித்து வைத்துக்கொள்கிறது. பின்னர் அதே பெயரும் அதே வகையும் எங்கே கண்ணில் பட்டாலும் பழைய இடம்தான் என்று எடுத்துக்கொள்கிறது. கடவுச்சொல் உள்ள வைஃபையில், அந்தக் கடவுச்சொல் தெரியும் என்பதை இரு பக்கமும் மெய்ப்பிக்க வேண்டியிருப்பதால், பெயரை மட்டும் திருடி வைத்தவரால் இணைப்பை ஏற்படுத்த முடியாது. திறந்த வைஃபையில் மெய்ப்பிக்க ஒன்றுமில்லை. பெயர் ஒன்றுதான் அடையாளம். அந்தப் பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம்.

இங்கிருந்துதான் முதல் தவறு தொடங்குகிறது. பொது வைஃபை வேண்டாம் என்று முடிவு செய்பவர்கள் ஆண்ட்ராய்டில் ‘Notify for public networks’ என்பதை அணைக்கிறார்கள். ஐபோனில் ‘Ask to Join Networks’ என்பதை மாற்றுகிறார்கள். வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். இந்த இரண்டும் புதிய வைஃபைகளைப் பற்றியவை மட்டுமே. அருகில் அறிமுகமில்லாத இணைப்பு ஒன்று இருந்தால் உங்களுக்குச் சொல்லலாமா, கேட்கலாமா என்பதைத்தான் அவை தீர்மானிக்கின்றன. ஏற்கெனவே சேமித்த பெயர்களை அவை தொடுவதே இல்லை. ஐபோனில் அந்த அமைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘Known networks will be joined automatically’ என்று எழுதியே இருக்கிறது. பெரும்பாலான கைபேசிகள் முன்பின் அறியாத திறந்த வைஃபைக்குள் தாமாகப் போய் விழுவதில்லை. நாம் என்றோ சரி சொன்ன பெயருக்குள்தான் போகின்றன. எனவே துப்புரவு செய்ய வேண்டியது சேமித்த பட்டியலைத்தான்.

ஐபோனில் ‘Settings’, ‘Wi-Fi’ என்று போய் மேலே வலப்பக்கம் உள்ள ‘Edit’ என்பதை அழுத்தினால் முழுப் பட்டியலும் வரும். இந்த வசதி 2022இல் வந்த ஐஓஎஸ் 16இல்தான் கிடைத்தது. அதற்கு முன் அந்த வைஃபையின் எல்லைக்குள் நின்றால்தான் அதை நீக்க முடியும். ஆண்ட்ராய்டில் ‘Network & internet’, ‘Internet’, ‘Saved networks’ என்று போக வேண்டும். சாம்சங் கைபேசிகளில் ‘Connections’, ‘Wi-Fi’, பிறகு மூன்று புள்ளிகளை அழுத்தி ‘Advanced’, அதற்குள் ‘Manage networks’. பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் கொஞ்சம் மாறும்; அமைப்புகளில் உள்ள தேடல் பெட்டியில் ‘saved networks’ என்று தட்டினாலும் போதும்.

அக்காவின் பட்டியலில் முப்பத்தேழு பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: இங்கே மறுபடி போவோமா? விடுதிகள், திருமண மண்டபம், பழைய வாடகை வீடு, மாறிவிட்ட அலுவலகம் எல்லாம் ‘Forget’ ஆயின. போவோம், ஆனால் எப்போதாவதுதான் என்று தோன்றிய நான்கைந்தை நீக்கவில்லை. அவற்றைத் திறந்து ‘Auto-connect’ என்பதை மட்டும் அணைத்தோம். ஐபோனில் இதற்கு ‘Auto-Join’ என்று பெயர், சாம்சங்கில் ‘Auto reconnect’. அணைத்தபின் கைபேசி பெயரை நினைவில் வைத்திருக்கும். நீங்கள் விரலால் தொட்டால்தான் இணையும்.

அந்த நான்கைந்தில் ஒன்று ரயில் நிலைய வைஃபை. ரெயில்டெல் நிறுவனம் 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கி, இன்று 6,000க்கும் மேற்பட்ட நிலையங்களில் ‘RailWire’ என்ற பெயரில் இதைத் தருகிறது. கைபேசி எண்ணைக் கொடுத்து ஓடிபி பெற்று உள்ளே போகும் முறை. எழும்பூரில் சேமித்த பெயர் மதுரையிலும் வேலை செய்வது பயணிக்கு வசதிதான். ஆனால் அந்தப் பெயர் நிலையத்தின் வாசலுக்கு வெளியேயும் கைபேசிக்கு ஒன்றுதான். ஓடிபி கேட்பதும் ஒரு பூட்டு அல்ல. அது இணைந்த பிறகு காட்டப்படும் பக்கம் மட்டுமே. இந்த மாதிரிப் பெயர்களைத் தானியங்கி இணைப்பில் விட்டுவைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆபத்து எங்கே என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இன்று வங்கிச் செயலிகளும் பெரும்பாலான இணையதளங்களும் தகவலை மறையாக்கம் செய்தே அனுப்புகின்றன. போலி வைஃபை வைத்தவர் உங்கள் வாட்ஸ்அப் செய்திகளைப் படித்துவிட முடியாது. பல நேரம் எந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்று பார்க்க முடியும். அதைவிட, இணைந்தவுடன் தாமே ஒரு பக்கத்தை உங்கள் முன் விரிக்க முடியும். 2024 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில், உள்நாட்டு விமானத்துக்குள் சந்தேகத்துக்குரிய வைஃபை ஒன்று தென்படுவதை ஊழியர்கள் கவனித்துச் சொன்னார்கள். பெர்த் விமான நிலையத்தில் ஒரு பயணியின் கைப்பையிலிருந்து சிறிய வைஃபை கருவி, மடிக்கணினி, கைபேசி ஆகியவற்றைக் காவல்துறை கைப்பற்றியது. இணைந்தவர்களிடம் மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கைக் கொண்டு உள்நுழையச் சொல்லும் போலிப் பக்கம் காட்டப்பட்டது. வைஃபையில் நுழைய உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லை எந்தப் பக்கம் கேட்டாலும் அங்கேயே இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

வைஃபை பெயருக்குப் பக்கத்தில் பூட்டுக்குறி இருந்தால் கவலையில்லை என்று நினைப்பது அடுத்த தவறு. உணவகச் சுவரில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல் எல்லோருக்கும் தெரிந்த கடவுச்சொல். அதே பெயரையும் அதே சொல்லையும் வைத்து இன்னொருவர் ஹாட்ஸ்பாட் இயக்கினால் உங்கள் கைபேசிக்கு வேறுபாடு தெரியாது. இவற்றையும் நீக்க வேண்டிய வரிசையில் சேருங்கள்.

ஐபோனில் மேலிருந்து இழுக்கும் ‘Control Center’இல் வைஃபை குறியைத் தொட்டு அணைப்பவர்கள், அது அணைந்தே இருக்கும் என்று நம்புகிறார்கள். அது அப்போதைய இணைப்பைத் துண்டிக்கிறது, அவ்வளவுதான். வேறு இடத்துக்கு நகர்ந்தாலோ மறுநாள் காலை 5 மணி ஆனாலோ தானாக இணைவது திரும்பிவிடும். முழுதாக அணைக்க ‘Settings’ வழியாகத்தான் போக வேண்டும்.

நீக்கிய பெயர் திரும்பி வருவதும் உண்டு. புதிய ஆண்ட்ராய்டு கைபேசிக்கு மாறும்போது பழையதன் காப்புப்பிரதியோடு வைஃபை பட்டியலும் வந்து சேரும். ஆப்பிள் கருவிகளுக்கிடையே கடவுச்சொற்களைப் பகிரும் ஐகிளவுட் கீச்செயின் இயக்கத்தில் இருந்தால் ஐபேடில் சேர்ந்த வைஃபை ஐபோனிலும் தெரியும். கைபேசி மாற்றிய வாரத்தில் பட்டியலை மறுபடி பாருங்கள். பட்டியல் நீளம் என்று அலுத்து ‘Reset Network Settings’ என்பதை அழுத்த வேண்டாம். வைஃபையோடு, ஆண்ட்ராய்டில் புளூடூத் இணைப்புகளும் சேர்ந்து அழியும். கார், காதொலிப்பான், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து இணைக்க வேண்டிவரும்.

பட்டியலைச் சுருக்கிய பின் அதே சோதனையை மறுபடி செய்தோம். அதே பெயர், கடவுச்சொல் இல்லாத அதே ஹாட்ஸ்பாட். ஐந்து நிமிடம் காத்திருந்தோம். அக்காவின் கைபேசித் திரையில் விடுதியின் பெயர் மற்ற பெயர்களோடு ஒன்றாகக் கீழே நின்றது. மேலே மொபைல் டேட்டாவின் குறி அப்படியே இருந்தது.